ரிட்டர்னை எண்ணுவதா, பில்லை எண்ணுவதா?

பகலில் ஒரு கம்பெனியில் வேலை, மாலை ஆறரைக்கு மேல் ஐந்தாறு கடைகளின் கணக்கு. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் பார்ட் டைம் அக்கவுண்டண்ட்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். கடைக்காரரிடம் இவர்கள் கூலி பேசுவது இரண்டு விதம். "மாசம் இவ்வளவு குடுத்துடுங்கண்ணே, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பது ஒன்று. "ரிட்டர்னுக்கு இவ்வளவு, போடும்போது குடுத்தா போதும்" என்பது மற்றொன்று. பெரும்பாலான கடைக்காரர்கள் இரண்டாவதையே விரும்புகிறார்கள். வேலை நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை என்பது வியாபாரியின் மனதுக்கு நியாயமாகப் படுகிறது. அது உண்மையிலேயே நியாயமா என்பதை ஒரு கடையின் கணக்கை விரித்துவைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் கேட்க வேண்டியது, ரிட்டர்ன் எண்ணிக்கை வேலையின் அளவைக் காட்டுகிறதா என்பது. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தது. மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்கு ஜிஎஸ்டிஆர்-1 பன்னிரண்டு, ஜிஎஸ்டிஆர்-3பி பன்னிரண்டு, ஆக ஆண்டுக்கு 24 ரிட்டர்ன். 2021 ஜனவரியில் கியூஆர்எம்பி என்ற திட்டம் வந்தது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மிகாத கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும் என்றார்கள். அதைத் தேர்ந்தெடுத்த கடைக்கு 24 ரிட்டர்ன் 8 ஆகக் குறைந்தது. ஆனால் கடைக்கு வரும் பர்ச்சேஸ் பில்லில் ஒன்றுகூடக் குறையவில்லை. ரிட்டர்னுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தவரின் வருமானம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது, உழைப்பு அப்படியே இருந்தது. ரிட்டர்னின் எண்ணிக்கையை முடிவு செய்வது அரசாங்கத்தின் வசதி. அதை வைத்து ஒருவரின் கூலியை அளப்பது அடிப்படையிலேயே கோணலான அளவை.

இனி கடைக்கு வருவோம். ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். சிமெண்ட், பைப், பெயிண்ட், கம்பி விற்கிறது. வரி நீங்கலாக ஆண்டு விற்பனை 80 லட்சம். கியூஆர்எம்பியில் இருக்கிறது. மாதம் 70 பர்ச்சேஸ் பில் வருகிறது. ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்களுக்குப் போடும் சேல்ஸ் பில் 30. மற்றது சில்லறை, நாளுக்கொரு மொத்தத் தொகையாக ஏற்றிவிடலாம். நூறு பில்லை டேலியில் ஏற்ற, பில்லுக்கு நான்கு நிமிடம் என்றாலும், ஏறக்குறைய ஏழு மணி நேரம். போர்ட்டலில் வந்திருப்பதோடு ஒப்பிட்டு, வராத பில்லுக்கு சப்ளையரிடம் போன் பேச ஒன்றரை மணி நேரம். சலான், தாக்கல் என்று மாதத்துக்குச் சராசரியாக அரை மணி. ஆக மாதம் 9 மணி, ஆண்டுக்கு 108 மணி நேரம்.

ரிட்டர்னுக்கு 750 ரூபாய் என்று வைத்தால் எட்டு ரிட்டர்னுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மணிக்கு 56 ரூபாய்கூட முழுதாக வராது. மாதம் 2,000 என்றால் ஆண்டுக்கு 24,000, மணிக்கு 222 ரூபாய். முதல் கூலிக்கு ஒருவர் இந்த 108 மணி நேரத்தையும் உழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவர் வீட்டிலும் வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் உண்டு என்பதால். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். தாக்கலை விட முடியாது, அதற்குத்தான் காசு. பில் ஏற்றுவதை முழுதாக விட முடியாது. விடக்கூடியதாக மிஞ்சுவது ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒன்றரை மணி நேரம். கடைக்காரரின் பணம் இருப்பதோ அங்கேதான்.

எப்படி என்று பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் 80,000 ரூபாய்க்கு பைப் ஃபிட்டிங்ஸ் வாங்குகிறார் கடைக்காரர். 18 சதவீத வரி 14,400. பில் தொகை 94,400, கடன் தவணை 45 நாள். டிஸ்ட்ரிபியூட்டரின் ஆபீசில் இந்த பில்லைத் தங்கள் ஜிஎஸ்டிஆர்-1ல் ஏற்றும்போது கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையாகச் சேர்த்துவிடுகிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, அடிக்கடி நடக்கும் தவறுதான். 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கையில் பில் இருக்கிறது, சரக்கு வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அது இருக்க வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டின் 2பி அக்டோபர் 14ஆம் தேதி வருகிறது. கடையின் புத்தகப்படி உள்ளீட்டு வரி 3,12,600. 2பியில் இருப்பது 2,98,200. வித்தியாசம் 14,400. ரிட்டர்னுக்குக் கூலி வாங்குபவர் 2பியின் மொத்தத் தொகையை அப்படியே 3பியில் எடுத்துக்கொள்கிறார். சட்டப்படி அது தவறே இல்லை, ரிட்டர்ன் சுத்தமாகப் போகிறது, நோட்டீஸ் வராது. விற்பனை வரி 3,60,000 போக 61,800 ரூபாய் கட்டச் சொல்கிறார். கடைக்காரர் கட்டுகிறார். அதில் 14,400 அவர் கட்ட வேண்டியதே அல்ல என்பது இருவருக்குமே தெரியாது. அந்தக் காலாண்டில் அவருக்குக் கிடைத்த மொத்த லாபமே இரண்டரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், கடை வாடகையும் ஆள் கூலியும் அதிலிருந்துதான் போக வேண்டும். மாதம் 2,000 கொடுத்திருந்தால் ஏழு மாதக் கட்டணத்துக்கு மேல் அந்த ஒரே பில்லில் போய்விட்டது.

சரிசெய்ய வழி உண்டு. 2025-26 ஆண்டின் பில்லை 2026 நவம்பர் 30 வரை சப்ளையர் திருத்தலாம், கடையும் வரவு எடுக்கலாம். ஆனால் யாராவது கண்டுபிடித்தால்தானே? கண்டுபிடித்தாலும், எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மாதாமாதம் தாக்கல் செய்பவர். ஆகஸ்ட் பில்லை அவர் செப்டம்பர் 11க்குள் ஏற்றியிருக்க வேண்டும். செப்டம்பர் 12ஆம் தேதி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2ஏ பட்டியலைத் திறந்து பார்த்தால் பில் இல்லாதது அன்றே தெரிந்துவிடும். பணம் கொடுக்க வேண்டிய தவணை செப்டம்பர் 22. "உங்க பில் எங்க 2ஏல வரல. ஏத்திட்டுச் சொல்லுங்க, பேமெண்ட் போட்டுடறோம்" என்று ஒரே ஒரு போன். அடுத்த ஜிஎஸ்டிஆர்-1ல் அது வந்துவிடும். பணம் போன பிறகு அதே போனுக்கு அத்தனை சீக்கிரம் பதில் வராது. வியாபாரம் செய்பவர் எவருக்கும் இது தெரியும்.

செப்டம்பர் 12ஆம் தேதி இந்தக் கடைக்கு எந்த ரிட்டர்னும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரிட்டர்னுக்குக் கூலி என்ற ஒப்பந்தத்தில் அந்த நாளில் அக்கவுண்டண்ட்டுக்கு வேலையே கிடையாது. மாதக் கட்டணத்தின் முழு நியாயமும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. கடையின் பணத்தைக் காக்கும் வேலை தாக்கல் நாளில் நடப்பதில்லை, தாக்கல் இல்லாத நாட்களில் நடக்கிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கூலி குறைவு என்பதுதானே சிக்கல்? ரிட்டர்னுக்கு 750க்குப் பதில் 3,000 வாங்கட்டும். எட்டு ரிட்டர்னுக்கு அதே 24,000 வந்துவிடும். பிறகு என்ன வித்தியாசம்? காகிதத்தில் ஒன்றும் இல்லைதான். நடப்பில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு கைமாறினால் பில்லும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கைமாறும். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மஞ்சப்பையில் முந்நூறு பில் வந்து சேரும். 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 22க்குள் 3பி. ஒரே நேரத்தில் ஐந்து கடைகளின் பைகள். அதில் ஆகஸ்ட் 8ஆம் தேதி பில் ஒன்று விட்டுப்போனதை யார் கவனிப்பார்கள்? அது போக, போர்ட்டலில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஓடிபி கேட்பவருக்கு 3,000 தர எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது, ஏனெனில் அவர் கண்ணில் படுவது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே. அடுத்த தடவையே "பக்கத்துத் தெருவுல ஐந்நூறுக்குப் போட்டுத் தர்றாங்க" என்பார்.

ரிட்டர்னுக்குக் கூலி என்பது கடைக்காரரின் நடத்தையையும் கெடுக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களில் கான்ட்ராக்டர்களுக்குப் போட்ட பில்களை மட்டும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்றிவிடும் வசதி ஒன்று உண்டு, ஐஎஃப்எஃப் என்பார்கள். கட்டாயமில்லை. ஏற்றினால் கான்ட்ராக்டருக்கு மாதாமாதம் வரவு கிடைக்கும், ஏற்றாவிட்டால் காலாண்டு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் தனிக் காசு என்றால் கடைக்காரர் "அது வேண்டாம் விடுங்க, மொத்தமா போட்டுக்கலாம்" என்று சொல்லத்தான் செய்வார். நூற்றுக்கணக்கில் மிச்சம் பிடித்து, மாதம் லட்சக்கணக்கில் வாங்கும் ஒரு கான்ட்ராக்டரை எரிச்சல்படுத்தி அடுத்த கடைக்கு அனுப்பிவைக்கிறார். அதே இரண்டு மாதங்களுக்கு பிஎம்டி-06 சலானில் 25ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். சலான் ரிட்டர்ன் அல்ல, ஆகவே அது யார் பொறுப்பும் இல்லாமல் கிடக்கும். தாமதமானால் 18 சதவீத வட்டி ஓடும்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி வரிவிகிதம் மாறியபோது இது வெட்டவெளிச்சமானது. சிமெண்ட் 28லிருந்து 18க்கு இறங்கியது. அன்று காலை கடை திறக்கும்முன் பில்லிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பொருளாக விகிதத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் 28 சதவீதத்துக்கு பில் போட்டால் வாங்கிய வரி முழுவதையும் அரசுக்குக் கட்டியாக வேண்டும், வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் தனி. அந்த வேலைக்கு ரிட்டர்ன் எண் எதுவும் இல்லை. மாதக் கட்டணம் வாங்குபவரைத்தான் "வந்து மாத்திக் குடுங்க" என்று உரிமையோடு கூப்பிட முடிந்திருக்கும்.

இத்தனை சொன்ன பிறகும் ரிட்டர்ன் கூலியை முழுவதும் ஒதுக்க நான் தயாரில்லை. அது மிகச் சரியாகப் பொருந்தும் கடைகள் உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் மளிகைக் கடையைப் பாருங்கள். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள், வரி விற்பனையில் 1 சதவீதம். உள்ளீட்டு வரி வரவு அதற்குக் கிடையவே கிடையாது. ஆகவே 2பியோடு ஒப்பிட்டுக் காப்பாற்ற வேண்டிய பணமும் இல்லை. காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08, ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4, ஆக ஐந்து தாக்கல். மூன்று மாத விற்பனைத் தொகையை சரியாக எடுத்துத் தந்தால் வேலை முடிந்தது. அந்தக் கடையிடம் மாதம் 2,000 வாங்குவது அநியாயம். அதே கடைக்காரர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினாலோ, ஒன்றரைக் கோடியைத் தாண்டினாலோ காம்போசிஷனில் நீடிக்க முடியாது. அன்றே கூலியின் முறையையும் மாற்றிப் பேசிக்கொள்ள வேண்டும்.

மாதக் கட்டணத்துக்கும் குறைகள் உண்டு, அவை சிறியவை அல்ல. முதல் குறை, எல்லை இல்லாமை. "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் பேங்க் லோனுக்கான ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், தம்பி கடையின் பதிவு, மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டீசுக்குப் பதில், மகளின் கல்விக்கடன் விண்ணப்பம் எல்லாம் அந்த இரண்டாயிரத்துக்குள் வந்து உட்காரும். மணிக்கு 222 ரூபாய் என்று நாம் போட்ட கணக்கு நூறாக இறங்கும், இறங்கியதும் பழையபடி ஒப்பிடும் வேலைதான் முதலில் விடுபடும். அப்போது மாதக் கட்டணத்துக்கும் ரிட்டர்ன் கூலிக்கும் பலனில் வித்தியாசம் இருக்காது. ஆகவே நோட்டீஸ் பதில், புதிய பதிவு, பதிவில் திருத்தம், லோன் கணக்கு ஆகியவை தனிக் கூலி என்று முதல் நாளே எழுதிவைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மாதாமாதம் காசு வந்துகொண்டே இருந்தால் வேலை நடந்ததா என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ரிட்டர்ன் கூலியில் ஏஆர்என் எண் என்ற அத்தாட்சியாவது கையில் வரும். இதற்கு ஒரே மருந்து, மாதம் ஒரு பக்கத் தாள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: இந்த மாதம் ஏற்றிய பில்கள் எத்தனை, எந்தெந்த சப்ளையரின் எந்த பில் போர்ட்டலில் வரவில்லை, சலானில் கட்ட வேண்டியது எவ்வளவு. இரண்டாவது வரிதான் உரைகல். தொடர்ந்து பல மாதம் அந்த இடம் காலியாக இருந்தால், ஒன்று உங்கள் சப்ளையர்கள் எல்லோரும் அப்பழுக்கில்லாதவர்கள், அல்லது யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மாதம் 70 பில் வரும் கடையில் முதலாவது நடப்பது அரிது. ஏதோ ஒரு பழைய பில்லை நீங்களே போர்ட்டலில் தேடிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதற்கு யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்க வேண்டும். பதிவில் உள்ள மொபைல் எண்ணும் அக்கவுண்டண்ட்டுடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்க வேண்டும். எந்த முறையில் கூலி கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, தாமதத்தின் பழி. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ள கடைக்கு ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 2,000. வரிக்கு வட்டி தனி. "மாசம் காசு வாங்கறீங்கல்ல, நீங்கதான் கட்டணும்" என்று கடைக்காரர் சொல்வார், "பில் குடுத்ததே பதினெட்டாந்தேதி" என்று இவர் சொல்வார். முந்தைய மாத பில்கள் 5ஆம் தேதிக்குள் கைக்கு வந்திருந்தால் தாமதக் கட்டணம் அக்கவுண்டண்ட்டுடையது, அதற்குப் பின் வந்தால் கடையுடையது. இந்த ஒரு வரி இல்லாத மாதக் கட்டண ஒப்பந்தம் பாதி உறவை முறித்துவிடும்.

கட்டணத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கடையின் விற்பனைத் தொகையை வைத்துப் பேசுவது வழக்கம். அது சரியல்ல. மாதம் பத்து பில்லில் இருபது லட்சத்துக்கு இரும்பு விற்பவருக்கு ஒரு மாலை வேலைதான். மூன்று லட்சத்துக்கு ஃபேன்சி பொருள் விற்கும் கடையில் நூற்றைம்பது பர்ச்சேஸ் பில் இருக்கும். உழைப்பு பில்லில் இருக்கிறது, ஆகவே கூலியும் பில்லைத்தான் பார்க்க வேண்டும். மாதம் 100 பில் வரை 2,000, அதற்கு மேல் ஒவ்வொரு 50 பில்லுக்கும் 750 என்பதுபோல ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் முந்தைய பன்னிரண்டு மாதத்தின் சராசரியைப் பார்த்துத் திருத்தலாம். பில் எண்ணிக்கை டேலியிலேயே தெரியும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஆடி மாதம் ஈயாடுகிறது, தீபாவளிக்குத்தான் கூட்டம் என்ற புகாரையும் அந்தச் சராசரியே தீர்த்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் எந்தக் கடைக்கும், அது காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்தாலும், மாதக் கட்டணம்தான் சரி. அது பில் எண்ணிக்கையில் நிற்க வேண்டும், செய்யும் வேலையும் செய்யாத வேலையும் எழுத்தில் இருக்க வேண்டும், மாதம் ஒரு தாள் கடைக்காரர் கைக்கு வர வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கடைக்காரர் மாதக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காம்போசிஷன் கடைக்கும், எப்போதாவது வரும் தனி வேலைகளுக்கும் தாக்கலுக்கு இவ்வளவு என்று வாங்குவதே நேர்மை. இப்போது ரிட்டர்னுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கும் ஹார்டுவேர் கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் முதலில் ஒரு காரியம் செய்யலாம். கடந்த காலாண்டின் பர்ச்சேஸ் பில் கட்டை எடுத்து, அதே காலாண்டின் 2பியைத் தரவிறக்கி, பில் பில்லாக டிக் அடித்துப் பாருங்கள். டிக் விழாத பில்களின் வரித்தொகையைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதன் பிறகு உங்கள் அக்கவுண்டண்ட்டிடம் கூலி பேசுங்கள்.